ஒரே நாளில் மூன்று குழந்தைகள்

2011 மே 19 அன்று ஜெர்மனியின் ராபர்ட் கோக் நிறுவனத்துக்கு ஒரு தகவல் வந்தது. நாட்டின் நோய்ப் பரவலைக் கண்காணிக்கிற அமைப்பு அது. ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் மூன்று குழந்தைகள் ஒரே நாளில், ஒரே நோயோடு சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் தகவல். மறுநாளே நிறுவனத்தின் குழு ஹாம்பர்க்கில் இருந்தது.

மூன்றே பேருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? முதலில் ரத்தபேதி, பிறகு ரத்த அணுக்கள் சிதைவு, கடைசியில் சிறுநீரகம் செயலிழப்பு என்று போகும் நோய் அது. ஹெச்.யூ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்த நாடு முழுக்க ஆண்டுக்குச் சில பத்துக் குழந்தைகளுக்குத்தான் அது வரும். ஒரே மருத்துவமனையில் ஒரே நாளில் மூன்று பேர் என்றால், எல்லோரும் சாப்பிட்ட ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்றுதான் மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். விசாரிக்கப் போனவர்கள் கண்டது இன்னும் விசித்திரம்: படுக்கைகளில் பெரியவர்களும் கிடந்தார்கள், அதிலும் பெண்களே அதிகம். பொதுவாகச் சிறு குழந்தைகளைத் தாக்கும் நோய் இது.

ஆய்வக முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த வகை நோய்க்குப் பெயர்போன ஈ.கோலை ரகத்தைப் பிடிக்கவென்று ஒரு வழக்கமான சோதனைத் தட்டு உண்டு. சார்பிட்டால் என்ற சர்க்கரையை அந்த ரகம் செரிக்காது. அதை வைத்தே அடையாளம் காண்பார்கள். ஹாம்பர்க்கில் பரவிய ஓ104 ரகமோ அந்தச் சர்க்கரையைச் செரித்துவிடும். தட்டில் சாதாரணக் கிருமிபோல நின்று ஏமாற்றும். அதனால்தான் ஜெர்மனியின் சட்டம் இந்த நோயில் சந்தேகத்தையே போதுமான காரணமாக வைத்திருக்கிறது. உறுதியாகும்வரை காத்திராமல், மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

அப்படிச் சொல்லியும் தாமதம் தவிர்க்க முடியாதது. இந்தக் கிருமி வயிற்றுக்குள் போய் எட்டு நாள் கழித்துத்தான் பேதி தொடங்கும். சிறுநீரகம் பழுதாக இன்னும் ஐந்து நாள். கணக்குப் போட்டால், மே 19 அன்று படுக்கையில் இருந்த நோயாளி ஏறக்குறைய மே 6 அன்று சாப்பிட்டதை நினைவுகூர வேண்டும். இரண்டு வாரத்துக்கு முந்தைய மதிய உணவை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? என்னால் முடியாது.

நோயாளிகள் தக்காளி, வெள்ளரி, கீரைச் சாலட் என்றார்கள். மே 26 அன்று ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரியில் கிருமி இருப்பதாக அறிவித்தார்கள். சில நாளில் அது வேறு ரகம் என்று தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் காய்கறி விலைபோகாமல் அழுகியது. நட்ட ஈடாக ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

வழி திறந்தது ஒரு உணவகத்தில். அங்கே கூட்டமாகச் சாப்பிட்டு, பிறகு நோயுற்ற குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். இம்முறை “என்ன சாப்பிட்டீர்கள்?” என்ற கேள்வியோடு நிறுத்தவில்லை. யார் எந்த உணவை ஆர்டர் செய்தார்கள் என்று பார்த்தார்கள்; உட்கார்ந்து சாப்பிட்டபோது எடுத்த புகைப்படங்களைப் பார்த்தார்கள்; பிறகு சமையல்காரரிடம் போய், ஒவ்வொரு தட்டிலும் என்னென்ன போட்டார் என்று கேட்டார்கள். நோயாளிகள் மறந்தது சமையலறைக்குத் தெரிந்திருந்தது. சாலட்டின்மேல் அலங்காரமாக ஒரு பிடி முளைவிதை. நோயுற்ற 31 பேரின் தட்டிலும் அது இருந்தது. ஓரத்தில் தூவியதை உணவு என்றே யாரும் எண்ணவில்லை, அதனால் முந்தைய கேள்வித்தாள்களில் பலர் சொல்லவும் இல்லை. ஜூன் 10 அன்று முளைவிதைதான் காரணம் என்று அறிவித்தார்கள். ஜெர்மனியில் அதை முளைக்க வைத்து விற்றது பீனன்பியூட்டல் என்ற ஊரின் ஒரு பண்ணை.

விதை எது? அதற்கும் ஒரு மருத்துவமனைத் தகவலே உதவியது. ஜூன் பிற்பாதியில் பிரான்ஸின் போர்தோ அருகே எட்டுப் பேருக்கு ரத்தபேதி என்று சுகாதாரத் துறைக்குச் செய்தி போனது. விசாரித்தால், அவர்களில் பெரும்பாலோர் ஜூன் 8 அன்று பெக்ல் என்ற ஊரில் நடந்த ஒரு விழாவுக்குப் போனவர்கள். அங்கே குளிர்ந்த சூப்பின்மேல் முளைவிதை தூவியிருந்தார்கள். அந்த விதைகள் பீனன்பியூட்டல் பண்ணையோடு தொடர்பே இல்லாதவை. இரண்டு இடத்துக் கொள்முதல் ரசீதுகளையும் பின்னோக்கித் தொடர்ந்தபோது, இரண்டும் ஒரே சரக்கில் சந்தித்தன: 2009 இல் எகிப்திலிருந்து கப்பலேறிய 15,000 கிலோ வெந்தயம். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம்தான். ஆனால் நாம் வறுத்தும் கொதிக்கவிட்டும் உண்பதை, அவர்கள் ஈரத்தில் முளைக்கவிட்டுப் பச்சையாகத் தின்றார்கள். முளைக்கும் கதகதப்பும் ஈரமும் கிருமிக்கும் தோதானவை.

மிச்சமிருந்த விதையில் எவ்வளவு தேடியும் அந்த ரகம் கிடைக்கவில்லை. ரசீதுகளும் நோயாளிகளின் கணக்குமே சாட்சி. ஜெர்மனியில் 3,842 பேர் நோயுற்றார்கள், 53 பேர் இறந்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் அந்தச் சரக்கைத் திரும்பப் பெறவும், எகிப்திலிருந்து அத்தகைய விதைகள் வருவதை நிறுத்தவும் ஐரோப்பிய ஒன்றியம் உத்தரவிட்டது.