52 மார்க்கும் ஓரத்துக் குறிப்புகளும்

மதுரையில் பள்ளிப் படிப்பை முடித்து, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாறு படிக்கச் சேர்ந்த மாணவி அவர். பிளஸ் டூவில் எந்தப் பாடத்திலும் 90-க்குக் கீழே இறங்கியதில்லை. முதல் பருவத்தில் அவர் எழுதிய 1,500 சொல் கட்டுரைக்குக் கிடைத்த மார்க் 52. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய முதல் கவலை.

கவலைப்படுவதற்கு முன் அவர் அங்குள்ள அளவுகோலைப் பார்த்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு 40 எடுத்தால் பாஸ். 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல் நிலை, 50 முதல் 59 வரை அதன் கீழ் நிலை. கட்டுரை எழுதும் பாடங்களில் 80-ஐத் தாண்டுவது அபூர்வம். அதனால் அந்த 52-ஐ நம் ஊர் 52-ஆக எண்ணக் கூடாது. ஆனாலும் அது நல்ல மார்க் இல்லை. விஷயம் தெரிகிறது, வாதம் இல்லை என்ற நிலையில் உள்ள கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழும்.

கேள்வி இதுதான்: ‘மான்செஸ்டர் நகரத்தின் வளர்ச்சிக்கு ரயில் எந்த அளவுக்குக் காரணம்?’ 1830-ல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதை திறக்கப்பட்டது, பஞ்சு வேகமாக வந்தது, ஆலைகள் பெருகின, மக்கள் குவிந்தார்கள் என்று அவர் வரிசையாக எழுதியிருந்தார். தகவலில் பிழையில்லை. ஆனால் ஓரத்தில் மூன்று இடங்களில் ‘டிஸ்கிரிப்டிவ்’ என்றும், ஓர் இடத்தில் ‘ஸோ வாட்?’ என்றும் குறித்திருந்தார் ஆசிரியர். கடைசியில் ஒரு வரி: ‘தெளிவான, ஒழுங்கான கட்டுரை. கேள்வியை இன்னும் நேரடியாக அணுகுவது பற்றி யோசிக்கலாம்.’

முதல் வாசிப்பில் மாணவியின் கண்ணில் பட்டது ‘தெளிவான, ஒழுங்கான’ என்ற பாராட்டுதான். ‘பிறகு ஏன் 52?’ என்று கோபம் வந்தது. அந்த ஊர் ஆசிரியர்கள் குறையை மென்மையாகத்தான் சொல்வார்கள். ‘யோசிக்கலாம்’ என்று முடியும் வரியில்தான் மார்க் குறைந்த காரணம் இருக்கும். ‘ஸோ வாட்?’ என்பதும் நக்கல் இல்லை. இந்தத் தகவல் உங்கள் வாதத்துக்கு எப்படி உதவுகிறது என்ற கேள்வி அது.

பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க வாரந்தோறும் நேரம் ஒதுக்குவார்கள். ‘ஆஃபீஸ் அவர்’ என்பார்கள். அங்கே போய் ‘ஏன் சார் மார்க் குறைத்தீர்கள்?’ என்று கேட்டால் பேச்சு நீளாது. ஆசிரியரின் மதிப்பீடு சரியில்லை என்று மேல்முறையீடு செய்யவும் பொதுவாக இடமில்லை. கூட்டல் பிழை, விதிமீறல் போன்றவற்றுக்குத்தான் வழி உண்டு. இந்த மாணவி ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு போனார். “இதில் எந்த இடத்தில் நான் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டேன்?” என்று கேட்டார். ஆசிரியர் முதல் வரியையே காட்டினார். “1830-ல் என்ன நடந்தது என்று தொடங்குகிறீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தொடங்குங்கள்.”

அந்தப் பத்தியை அவர் திருத்தி எழுதினார். ‘ரயில் மான்செஸ்டரை உருவாக்கவில்லை, ஏற்கெனவே வளர்ந்த ஊரை வேகப்படுத்தியது’ என்பது முதல் வரி ஆனது. அடுத்து ஆதாரம்: 1761-லேயே பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வழியாக நிலக்கரி மலிவாக வந்து சேர்ந்தது, ரயில் வருவதற்கு முன்பே நீராவியால் ஓடும் பஞ்சாலைகள் அங்கே இருந்தன. கடைசி வரி, இதனால் ரயிலின் பங்கு எந்த அளவு என்று கேள்விக்குத் திரும்பியது. தகவல் அதிகம் கூடவில்லை, அது நிற்கும் இடம் மாறியது. ‘எந்த அளவுக்கு’ என்று கேட்டவருக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது.

பிறகு குறிப்புகளை எல்லாம் மூன்றாகப் பிரித்தார்: வாதம், ஆதாரம், மொழி. ‘கமா விட்டுப்போனது’ போன்றவை எண்ணிக்கையில் அதிகம், மார்க்கில் எடை குறைவு. ‘டிஸ்கிரிப்டிவ்’ மூன்றே முறைதான், ஆனால் வகுப்பையே தீர்மானித்தது அதுதான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்த முனைபவர்கள் பெரும்பாலும் கமாக்களைத்தான் திருத்தி முடிக்கிறார்கள்.

அடுத்த கட்டுரைக்கு அவருக்கு 63 கிடைத்தது. இங்கிலாந்தில் பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டில் பாஸானால் போதும், அந்த மார்க் பட்டத்தின் வகுப்புக் கணக்கில் சேராது. உங்கள் படிப்பில் எப்படி என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: எத்தனை மார்க் என்று கேட்ட கையோடு, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.