பெட்டியில் பணம் சரி. கணக்கில் 50 ரூபாய் எங்கே?

மாதக் கூட்டம் முடியும் நேரம். பெண்கள் பாயில் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே பணப்பெட்டி. ஊக்குநர் நோட்டைப் பார்த்து, "கையிருப்பு 410 ரூபாய்" என்கிறார். பெட்டியில் இருப்பதை எண்ணுகிறார்கள். அதுவும் 410. "கணக்கு சரி" என்று எல்லோரும் எழுந்து விடுகிறார்கள்.

ஆனால் கணக்கு சரியில்லை! 50 ரூபாய் தவறு இருக்கிறது. பணத்தை யாரும் எடுக்கவில்லை. பேனா செய்த வேலை அது.

தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில் அரசு தொடங்கி வைத்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. கடன் கேட்டுப் போனால் வங்கிக்காரர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது குழுவின் நோட்டுகளைத்தான். அந்த நோட்டில் மாதக் கூட்டத்தை எப்படி எழுதுவது? ஒரு குழுவை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

குழுவில் 12 பேர். மாதச் சேமிப்பு ஆளுக்கு 100 ரூபாய். வட்டி, மாதம் நூற்றுக்கு 1 ரூபாய். சென்ற மாதக் கையிருப்பு 850 ரூபாய். மூன்று பேரிடம் கடன் நிற்கிறது. இந்த மாதம் ஒருவர் வரவில்லை, பணமும் அனுப்பவில்லை. நோட்டில் 12 பேருக்கும் தனித்தனி வரி உண்டு. இங்கே கடன் இல்லாத 8 பேரை ஒரே வரியில் சேர்த்திருக்கிறோம்.

| உறுப்பினர் | சேமிப்பு | பழைய கடன் | கட்டிய அசல் | கட்டிய வட்டி | புதுக் கடன் | கடன் பாக்கி |
|---|---|---|---|---|---|---|
| இட்லிக் கடைக்காரர் | 100 | 5000 | 500 | 50 | 0 | 4500 |
| மாடு வாங்கியவர் | 100 | 8000 | 800 | 80 | 0 | 7200 |
| காய்கறி விற்பவர் | 100 | 3000 | 0 | 30 | 0 | 3000 |
| தையல்காரர் | 100 | 0 | 0 | 0 | 3000 | 3000 |
| மற்ற 8 பேர் | 700 | 0 | 0 | 0 | 0 | 0 |
| மொத்தம் | 1100 | 16000 | 1300 | 160 | 3000 | 17700 |

வரவு என்ன? சேமிப்பு 1100, அசல் 1300, வட்டி 160. ஆக 2560. பழைய கையிருப்பு 850-ஐச் சேர்த்தால் 3410. தையல்காரருக்குக் கொடுத்த 3000 போக மீதி 410.

தவறு எங்கே?

இட்லிக் கடைக்காரர் 550 ரூபாய் கொண்டு வந்தார். அதில் 50 வட்டி, 500 அசல். ஊக்குநர் அவசரத்தில் 550-ஐயும் அசல் கட்டத்தில் எழுதிவிட்டார் என்று வையுங்கள். கடன் பாக்கி 4500-க்குப் பதில் 4450 ஆகிவிடும். வந்த பணம் அதே 550 தானே? ஆகவே கையிருப்பு மாறாது. பெட்டியை நூறு முறை எண்ணினாலும் இந்தத் தவறு அகப்படாது!

நஷ்டம் யாருக்கு? வட்டி, குழுவின் வருமானம்; 12 பேருக்கும் பொது. அதில் 50 ரூபாய் குறைந்தது. அடுத்த மாத வட்டியும் 45 ரூபாய்க்குப் பதில் 44 ரூபாய் 50 காசாகிவிடும்.

இதைப் பிடிக்க வழி இருக்கிறது. பழைய கடன் மொத்தம் 16000. நூற்றுக்கு 1 ரூபாய் என்றால் வட்டி 160 வரவேண்டும். வட்டிக் கட்டத்தின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். தவறாக எழுதிய நோட்டில் அங்கே 110 தான் இருக்கும். உடனே தெரிந்துவிடும். யாராவது வட்டி கட்டாமல் விட்டிருந்தால், அவர் கட்டவேண்டிய வட்டியை 160-லிருந்து கழித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

பணம் குறைவாக வந்தாலும் முறை ஒன்றுதான்: முதலில் வட்டி, மீதி அசல். இட்லிக் கடைக்காரர் 300 ரூபாய் மட்டும் கொடுத்திருந்தால், 50 வட்டிக்கு, 250 அசலுக்கு.

வராதவரின் வரி

வராதவரின் சேமிப்புக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. காலிக் கட்டத்தில் பின்னால் யாரும் எதையும் எழுதலாம். 0 என்று போட்டு, பக்கத்தில் "பாக்கி 100" என்று குறிக்க வேண்டும். அடுத்த மாதம் அவர் 200 கொண்டு வந்தால், "பாக்கி 100, இம்மாதம் 100" என்று பிரித்து எழுத வேண்டும்.

தவறைத் திருத்தும்போது எண்ணின்மேல் எண் எழுதுவது பெரிய தொல்லை. 4450, 4500 ஆனதா, 4500, 4450 ஆனதா என்று யார் சொல்வது? பழைய எண்ணின் மேல் ஒரே கோடு. பக்கத்தில் சரியான எண். அதன் அருகில் இரண்டு பேர் கையெழுத்து. அவ்வளவுதான்.

எழுத்துத் தெரியாத உறுப்பினர்களும் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்காக, எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்க வேண்டும். "இட்லிக் கடை அக்கா, அசல் ஐந்நூறு, வட்டி ஐம்பது, பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு." அவர் கையிலுள்ள பாஸ் புத்தகத்திலும் அதே எண்களை அப்பொழுதே எழுதிக் கொடுக்க வேண்டும். தன் கடன் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். 4450 என்று படித்திருந்தால், "ஏன் அக்கா, வட்டியைக் கழிக்கலையா?" என்று அவரே கேட்டிருப்பார்.