செங்கல் சுவர் ஏன் வெளுத்துப்போகுது? லீனியரும் காமாவும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "டெக்ஸ்ச்சர் இமேஜ் எடிட்டர்ல நல்லா இருக்கு. என் ரெண்டரர்ல போட்டா பால் ஊத்தின மாதிரி வெளுத்துப்போகுது. லைட்டைக் குறைச்சாலும் சரியாகல. ஏன்?" இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல ஒரு அடிப்படை. ஒரு PNG ஃபைல்ல 128-னு ஒரு மதிப்பு இருந்தா, அது 255-ல பாதி. ஆனா திரையில வர்ற வெளிச்சம் பாதி இல்ல, கிட்டத்தட்ட 22 சதவீதம்தான். நம்ம கண்ணுக்கு இருட்டுப் பக்கம் இருக்கிற சின்ன வித்தியாசங்கள் நல்லாத் தெரியும். அதனால 8 பிட்ல இருக்கிற 256 படிகள்ல நிறைய படிகளை இருட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்காங்க. இந்த வளைவுக்குப் பேர்தான் sRGB. பேச்சுவழக்குல காமான்னு சொல்றோம்.

லைட்டிங் கணக்கு மட்டும் நிஜமான வெளிச்ச அளவுலதான் நடக்கணும். அதுதான் லீனியர். அப்போ வழி என்ன? படிக்கும்போது வளைவைப் பிரிக்கணும், லீனியர்ல கணக்குப் போடணும், திரைக்கு அனுப்பும்போது திரும்ப வளைக்கணும். பிரிக்கிறது ஒரு தடவை, வளைக்கிறது ஒரு தடவை.

இப்போ ஒரு செங்கல் சுவர் எடுத்துக்கோங்க. அதோட நிறம் (200, 50, 50). டெக்ஸ்ச்சரைப் பிரிக்காம அப்படியே ஷேடருக்குக் கொடுத்துட்டோம், கடைசியில வளைக்கிறது மட்டும் நடக்குதுன்னு வைங்க. 200 போய் 229 ஆகும். 50 போய் 122 ஆகும். சிவப்பு கொஞ்சம்தான் ஏறுது, ஆனா பச்சையும் நீலமும் ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுது. செங்கல் ரோஸ் கலராயிடும். கறுப்பு 0-லயும் வெள்ளை 255-லயும் அப்படியே நிக்கும், நடுவுல இருக்கிறது எல்லாம் மேல போகும். வெளுத்த மாதிரி தெரியுறதுக்குக் காரணம் இதுதான்.

லைட்டைக் குறைச்சா ஏன் சரியாகல? நிஜ வெளிச்சத்துல அந்தச் செங்கல்லோட சிவப்பு, பச்சையை விட சுமார் 18 மடங்கு அதிகம். பிரிக்காம விட்டதால ஷேடர் அதை 200-க்கு 50, அதாவது வெறும் 4 மடங்குன்னு எடுத்துக்குது. லைட்டைப் பாதியாக்கினா ரெண்டும் சேர்ந்து பாதியாகும், அந்த 4 மடங்கு மாறவே மாறாது. (168, 88, 88)-னு மங்கின ரோஸ்தான் கிடைக்கும். லைட் ஸ்லைடரை எவ்வளவு திருகினாலும் செங்கல் திரும்ப வராது.

ரெண்டு பக்கமும் விட்டுட்டா, அதாவது பிரிக்கவும் இல்ல வளைக்கவும் இல்லன்னா? லைட்டே இல்லாத படம் சரியாத் தெரியும், அதனால தப்பு ஒளிஞ்சுக்கும். ரெண்டு விளக்கு வெளிச்சம் ஒரே இடத்துல விழும்போதுதான் மாட்டும். தனித்தனியா 128 காட்டுற ரெண்டு விளக்கு சேர்ந்தா, காமாவுல கூட்டினா 256, அதாவது சுத்த வெள்ளை. லீனியர்ல சரியாக் கூட்டினா 176 தான் வரணும். விளக்குகள் சேர்ற இடமெல்லாம் வெள்ளைத் திட்டா இருந்தா இதைச் சந்தேகப்படுங்க.

ஓப்பன்ஜிஎல்ல சரிபண்றது ரெண்டே வரி:

```
glTexImage2D(GL_TEXTURE_2D, 0, GL_SRGB8_ALPHA8, w, h, 0,
             GL_RGBA, GL_UNSIGNED_BYTE, data);
glEnable(GL_FRAMEBUFFER_SRGB);
```

முதல் வரி, டெக்ஸ்ச்சரைப் படிக்கும்போது ஜிபியுவே பிரிச்சுக் கொடுக்கச் சொல்லுது. ரெண்டாவது வரி, sRGB ஃப்ரேம்பஃபர்ல எழுதும்போது வளைக்கச் சொல்லுது. பிளெண்டிங்கும் லீனியர்லயே நடக்கும். இதைப் போட்டுட்டு ஷேடர் கடைசியில பழைய `pow(c, vec3(1.0/2.2))` வரியையும் விட்டு வெச்சா, ரெண்டு தடவை வளைஞ்சு திரும்பவும் வெளுக்கும். ஏதாவது ஒண்ணுதான் இருக்கணும்.

ஒரு எச்சரிக்கை: நார்மல் மேப், ரஃப்னஸ் மேப் எல்லாம் நிறம் இல்ல, வெறும் எண்கள். அதுகளைப் பிரிக்கக் கூடாது. நார்மல் மேப்ல 128-னா "சாய்வு இல்லை"ன்னு அர்த்தம். அதை sRGB-னு நினைச்சுப் பிரிச்சா சமதளச் சுவர்கூட சாய்ஞ்ச மாதிரி லைட் வாங்கும். யூனிட்டில டெக்ஸ்ச்சர் இம்போர்ட் செட்டிங்ஸ்ல `sRGB (Color Texture)`-னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். நிறத்துக்கு ஆன், ரஃப்னஸ் மாதிரி தரவுக்கு ஆஃப்.

எங்க தப்புன்னு கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை. முழுக்க 128 சாம்பல் நிறத்துல ஒரு டெக்ஸ்ச்சர் செய்யுங்க. லைட்டிங், டோன்மேப்பிங் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு வரையுங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கலர் பிக்கரை வைங்க. 188 வந்தா ஒரு தடவை அதிகமா வளைச்சிருக்கீங்க, இல்ல பிரிக்க மறந்திருக்கீங்க. 55 வந்தா அதுக்கு நேர் எதிர். 128 வந்தா ரெண்டும் சமமா இருக்கு. ஆனா ரெண்டையும் விட்டாலும் 128 தான் வரும். அதனால அதோட நிறுத்தாம, அந்த ரெண்டு விளக்கு சோதனையையும் போட்டுப் பாருங்க. 176 வந்தா நிம்மதியா அடுத்த வேலைக்குப் போகலாம்.