காலை வணக்கப் படங்கள்: மனம் நோகாமல் சமாளிப்பது எப்படி?

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் விடியற்காலை ஐந்து மணி தொடங்கி முருகனும் பிள்ளையாரும் ரோஜாப்பூவும் வரிசையாக வந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். "நிறுத்தச் சொல்லுங்கள்" என்கிறார்கள் சிலர். "வணக்கம் சொல்வதும் தவறா?" என்று கேட்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

படம் அனுப்புபவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். செல்போனில் தமிழ் எழுத்துக்களைத் தேடித் தட்டுவது அவர்களுக்குச் சிரமம். வந்த படத்தை அப்படியே மற்றவர்களுக்கு அனுப்புவது எளிது. ஒருவர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லாமலிருப்பது நம் பழக்கத்தில் மரியாதைக் குறைவு. ஆகவே ஒரு படம் பத்தாகிறது.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ரயில்வேயில் வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது டிரைவரும் கார்டும் பச்சைக்கொடி காட்டிக்கொள்வார்கள். அதில் புதிய சேதி ஏதுமில்லை. "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பதுதான் பொருள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இங்கே தனியாக வாழும் பெரியவர்களுக்குக் காலைப் படமும் அப்படித்தான். எங்கள் காலனியில் ஓர் அம்மாளிடமிருந்து ஒருநாள் எட்டு மணி வரை படம் வரவில்லை. பக்கத்து வீட்டார் போய்க் கதவைத் தட்டியபோது அவர் கடும் காய்ச்சலில் படுத்திருந்தார்.

ஆனால் கொடி காட்டும் இடத்திலேயே அபாய அறிவிப்பையும் ஒட்டினால் யார் கண்ணிலும் படாது. ஓர் உதாரணம் பாருங்கள். மறுநாள் அறுவை சிகிச்சைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று ஒருவர் காலை ஆறு மணிக்குக் குழுவில் எழுதுகிறார். எட்டு மணிக்குள் அதன்மேல் முப்பது படங்கள் வந்துவிடுகின்றன. எட்டரைக்குக் குழுவைத் திறப்பவர் கடைசி நாலைந்து படங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். ரத்தம் தரக்கூடியவர் அதே குழுவில் இருந்தும் சேதி அவரை எட்டவில்லை.

இரண்டாவது தொல்லை, போனில் இடம் அடைபடுவது. ஒரு படம் சராசரியாக 150 கே.பி. என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 30 படம் என்றால் 4.5 எம்.பி. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.6 ஜி.பி. நீங்கள் இப்படி நான்கு குழுக்களில் இருந்தால் 6 ஜி.பி.யைத் தாண்டும். வீடியோ தனிக்கணக்கு.

முதலில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் உங்கள் போனிலேயே செய்யக்கூடியது. வாட்ஸ்அப்பில் Settings, பிறகு Storage and data சென்று, Media auto-download என்ற பகுதியில் Photos, Videos ஆகியவற்றின் குறிகளை எடுத்துவிடுங்கள். இனி நீங்கள் தொட்டால்தான் படம் இறங்கும். பலர் Mute செய்துவிட்டு, "இன்னும் போன் நிரம்புகிறதே" என்கிறார்கள். Mute நோட்டிஃபிகேஷனை மட்டுமே நிறுத்தும். அதுபோல Media visibility என்பதை அணைத்தால் படங்கள் கேலரியில் தெரியாது. ஆனால் இறங்கிய படம் போனில் இருக்கத்தான் செய்யும். ஏற்கெனவே சேர்ந்ததை நீக்க, Storage and data பகுதியிலேயே Manage storage இருக்கிறது. குடும்பப் படங்களும் அங்கேதான் இருக்கும், பார்த்து நீக்குங்கள்.

அடுத்தது குழுவுக்கானது. தடை போடுவதைவிடப் பாதையை இரண்டாகப் பிரிப்பதே நல்லது. "சங்க அறிவிப்பு" என்று ஒரு குழு. அதில் Group permissions சென்று, உறுப்பினர்களுக்கான Send new messages என்பதை அணைத்துவிட்டால் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். அவசரத் தேவை உள்ளவர் நிர்வாகிக்குப் போன் செய்தால் அவர் உடனே அதில் போடுவார். இரவிலும் போனை எடுக்கக்கூடிய இரண்டு மூன்று நிர்வாகிகளாவது வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு பயன்படாது. பழைய குழு வணக்கத்துக்கும் அரட்டைக்கும் இருக்கட்டும். அறிவிப்புக் குழு தொடங்கிய பிறகு பழையதை Mute செய்தால் பயமில்லை.

மூன்றாவது, தனி மனிதரிடம் சொல்வது. குழுவில் எல்லோர் முன்னும் சொன்னால் பெரியவர் மனம் நோகும்; அதன்பின் அவர் வாயே திறக்கமாட்டார். தனியாக, முடிந்தால் போனிலேயே பேசுங்கள். "அண்ணா, உங்கள் படம் வந்தால் நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அறிவிப்புக் குழுவில் அவசரச் சேதி மறைந்துபோகாமல் இருக்க, வணக்கத்தை மட்டும் பழைய குழுவில் போடுங்களேன்" என்றால் போதும். "அனுப்பாதீர்கள்" என்ற சொல் வேண்டாம். எங்கே அனுப்பலாம் என்று சொல்லுங்கள்.

அப்படிச் சொன்ன பிறகு அவரிடமிருந்து இரண்டு நாள் படமே வராவிட்டால், கோபமோ காய்ச்சலோ, ஒரு போன் செய்து விசாரித்துவிடுங்கள்.