லிமிட்டைக் கூட்டுங்கள், காசோலையில் தொகை எழுதுங்கள்

“பாய், மூணு லட்சத்தைத் தாண்டிருச்சு. பழைய பில் ஒண்ணு வந்தாத்தான் அடுத்த லோடு ஏத்த முடியும்.” பேகம்பூர் தோல் ஷாப்புகளில் தொழில் வளர்கிற காலத்தில்தான் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும்.

பச்சைத் தோலைப் பெரும்பாலும் ரொக்கம் கொடுத்தே எடுக்க வேண்டியிருக்கிறது. பதனிட்ட தோலை வாங்கியவரோ பணம் தர இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்வார். இந்த இடைவெளியைத் தாங்குவது குரோம் பவுடரும் சோடியம் சல்பைடும் கடனாகத் தரும் கெமிக்கல் வியாபாரிதான். அதனால் லிமிட் உயர்வை முதலில் அவரிடமே கேட்க நேர்கிறது.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு ஷாப்பை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சேர்த்து மாதம் 2 லட்சத்துக்குச் சரக்கு, 45 நாள் தவணை. ஒன்றரை மாத பில் எப்போதும் நிலுவையில் நிற்கும் என்பதால் 3 லட்சம் லிமிட் போதும். ஆர்டர் கூடி மாதம் 4 லட்சத்துக்கு வாங்கத் தொடங்கினால், நாள் தவறாமல் கட்டுகிறவருக்கே 6 லட்சம் நிலுவை வந்துவிடும். கேட்க வேண்டியது அந்த 6 லட்சம்தான். பேரம் பேசிக் குறைப்பார்கள் என்று 10 லட்சம் கேட்டால், சரக்கு போக மீதிப் பணம் எங்கே போகும் என்ற சந்தேகம் எதிரில் இருப்பவருக்கு வரும். பக்ரீத் சமயத்தில் தோல் மொத்தமாக வந்து குவியும். அதற்குத் தேவையான கூடுதலை முடிவுத் தேதி போட்டு இரண்டு மாதத்துக்கு மட்டும் தனியாகக் கேட்கலாம்.

தொகையைக் கூட்டக் கேளுங்கள், நாளைக் கூட்டக் கேட்காதீர்கள். சரக்கு தருபவர் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சவரம்பு. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். அதற்கு மேல் இழுத்தடித்து, பணம் அடுத்த நிதியாண்டில் போய்ச் சேர்ந்தால், அந்தச் செலவை அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் கழிக்க முடியும். 2023-24 கணக்கிலிருந்து வருமான வரிச் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. சரக்கு தருபவர் வாங்கி விற்பவர் என்றால் இந்த விதி பொருந்தாது.

கோரிக்கைக் கடிதத்தோடு ஓராண்டு லெட்ஜரையும் வைக்க வேண்டும். பில் தேதி, கெடு தேதி, பணம் ஏறிய தேதி, தாமதமான நாட்கள் என்று நான்கு பத்தி போதும். இருபது பில்லில் ஒன்று 22 நாள் தாமதம் என்றால் அதை மறைக்காமல் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதே கணக்கு அவர் மேசையிலும் இருக்கிறதே! ஜி.எஸ்.டி. எண் கையில் இருந்தால் ரிட்டர்ன் எந்தத் தேதியில் போனது என்பதையும் அவர் இணையத்தில் பார்த்துக்கொள்வார்.

சாட்சிக்கு மூன்று வியாபாரிகளின் பெயர் கொடுப்பது வழக்கம். மைத்துனர் கடையும் ரொக்கத்துக்கு வாங்கும் கடையும் இதற்கு உதவாது. 50 ஆயிரம் கடன் தருபவர் 6 லட்சத்துக்குச் சாட்சி ஆக முடியாது. சுண்ணாம்பு, உப்பு தருபவர், லாரி ஆபீஸ் என்று மாதக்கணக்கு ஓடும் இடங்களாகப் பார்த்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பெயர் கொடுங்கள். அவர்களிடம் கேட்கப்படுபவை மூன்றே: எத்தனை வருடப் பழக்கம், அதிகபட்சமாக எவ்வளவு நிலுவை நின்றது, சராசரியாக எத்தனை நாளில் பணம் வந்தது. விவரமானவர் பட்டியலில் இல்லாத நான்காமவரிடமும் விசாரிப்பார்.

இவ்வளவும் சரியாக முடிந்து லிமிட் கிடைக்கிற நேரத்தில் “ஒரு செக்குல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க” என்கிறார்களே, எனக்குப் பெரிய கவலை அதுதான். 6 லட்சம் கொடுப்பவருக்குப் பிடிமானம் வேண்டும் என்பார்கள், அது நியாயம்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையைத் தானே முன்வந்து கொடுத்தால், பின்னால் வேறொருவர் தொகையை நிரப்பியிருந்தாலும் அது கடனுக்காகத் தந்தது என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். 2019-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இல்லை என்று காட்டுவது கொடுத்தவர் பொறுப்பு. காசோலை திரும்பினால் 138-ஆம் பிரிவில் நோட்டீஸ் வரும். 15 நாளில் கட்டாவிட்டால் வழக்கு. தண்டனை இரண்டாண்டு சிறை வரையோ, இரு மடங்குத் தொகை வரை அபராதமோ, இரண்டுமோ ஆகலாம். சரக்கில் குறை இருந்து ஒரு பில்லை நிறுத்திவைத்தவரும் இதில் மாட்டுவார்.

பாதி பணம் கட்டியிருந்தும் முழுத் தொகைக்குக் காசோலை போட்டால் இந்தக் குற்றம் நிற்காது என்று 2022-இல் ஒரு தீர்ப்பு வந்தது. அது கைகொடுக்க வேண்டுமானால் கட்டியது வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும். கையில் கொடுத்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்ட கணக்கை வைத்து வாதாடுவது கடினம்.

காசோலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தொகையை எழுதிக் கொடுங்கள். கூடவே ஒரு கடிதம்: காசோலை எண், வங்கி, எந்த லிமிட்டுக்கு ஈடு, கெடு தாண்டி எத்தனை நாள் கழித்து, எந்த நிலுவைக்கு மட்டும் வங்கியில் போடலாம், கணக்கு முடிந்தால் திருப்பித் தர வேண்டும் என்று. நகலில் அவர் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். 3 லட்சம் லிமிட் காலத்தில் கொடுத்த பழைய காசோலை இன்னும் அவர் பீரோவில் இருந்தால், புதியதைக் கொடுக்கும் அன்றே அதைக் கையில் வாங்கிவிடுங்கள்.