பில் திரைக்கு ஒரு பக்கக் கையேடு

மளிகைக் கடையில் பில் போடும் மென்பொருளை மாற்றினால், விற்ற கம்பெனி ஒரு கையேட்டையும் கூடவே அனுப்பும். கொள்முதல், சரக்கிருப்பு, ஜிஎஸ்டி அறிக்கை என்று முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் வேண்டியது எல்லாம் அதில் இருக்கும். கவுண்டரில் நிற்பவருக்கு வேண்டியது மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். வரிசையில் ஆறு பேர் நிற்கும்போது யாரும் அதைப் புரட்டப் போவதில்லை. விவரமான கடைக்காரர்கள் ஒரே ஒரு தாளை எழுதி, லேமினேட் செய்து, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒரு தாளில் என்ன எழுத வேண்டும் என்று பார்ப்போம்.

எந்தப் பொத்தான் எதைச் செய்யும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். அதை விற்றவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஆனால் கவுண்டரில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். திரையில் ஏதாவது கோளாறாகத் தெரிந்தால் ஊழியர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் இரண்டே: கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது? பில்லுக்கு நம்பர் விழுந்துவிட்டதா, இல்லையா? தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் இந்த இரண்டையும் போட்டுவிட வேண்டும்.

முதல் கேள்வி ஏன் முக்கியம்? கவுண்டரில் இருக்கும் ஸ்கேனர், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான். பார்கோடின் கீழே இருக்கும் 13 இலக்கங்களை அது படபடவென்று தட்டி, கடைசியில் என்டரையும் தட்டும். எந்தக் கட்டத்தில் தட்டுகிறோம் என்பது அதற்குத் தெரியாது. பழைய திரையில் ஒரு பொருளை ஸ்கேன் செய்ததும் கர்சர் தானாக அடுத்த வரிக்குப் போயிருக்கும். புதிய திரையில் அது எண்ணிக்கைக் கட்டத்தில் போய் நிற்கலாம். கை பழைய பழக்கத்தில் அடுத்த சோப்பை எடுத்து நீட்டும். திரையில் இப்படித் தெரியும்:

```
Qty  : 8901234567890
Rate : 40.00
```

தொகை மூன்றரைக் கோடி கோடி ரூபாயைத் தாண்டும். இதைப் பார்த்துப் பதறி மறுபடி மறுபடி என்டர் தட்டுவதுதான் தப்பு. Esc தட்டி, அந்த வரியை நீக்கி, கர்சரைப் பார்கோடு கட்டத்துக்குக் கொண்டுவந்து திரும்ப ஸ்கேன் செய்தால் போதும். எண்ணிக்கைக் கட்டத்தில் மூன்று இலக்கத்துக்கு மேல் ஏறாதபடி செட்டிங்கில் வரம்பு வைத்துவிட்டால் இந்தக் கூத்தே நடக்காது. அது முதலாளி செய்ய வேண்டிய வேலை.

இது கண்ணில் படுகிற பிழை என்பதால் ஆபத்து குறைவு. கண்ணில் படாத ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் செல்போன் நம்பர் கேட்கும் கட்டத்தில் கர்சர் நிற்கும்போது ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் செய்தால் என்ன ஆகும்? அந்தக் கட்டம் பத்து இலக்கம்தான் வாங்கும். நம் நாட்டில் பதிவான பார்கோடுகள் 890 என்று தொடங்குபவை. எட்டில் தொடங்கும் செல்போன் நம்பர்களும் உண்டு. அதனால் பார்கோடின் முதல் பத்து இலக்கத்தை மென்பொருள் சரியான போன் நம்பர் என்றே ஏற்றுக்கொள்ளும். பிஸ்கட் பில்லில் ஏறாது, வாடிக்கையாளரின் பாயின்ட் வேறு யாருக்கோ போகும், பில் எஸ்எம்எஸ்ஸும் அந்த ஆளுக்கே போகும். ‘போன் நம்பர் 890 என்று தொடங்கினால் வாடிக்கையாளரிடம் ஒருமுறை படித்துக் காட்டவும்’ என்ற ஒரு வரி தாளில் இருப்பது நல்லது.

அடுத்தது, ஊழியர்கள் அதிகம் பார்க்கும் செய்தி: `Item not found`. இதைக் கண்டதும் பலர் செய்வது, அதே விலையுள்ள வேறொரு பொருளின் பெயரில் பில்லைப் போட்டு வரிசையை நகர்த்துவது. வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை, கல்லாவும் சரியாக இருக்கும். ஆனால் இல்லாத சரக்கு இருப்பில் நிற்கும், இருக்கிற சரக்கு மைனஸில் போகும். இரண்டு பொருளுக்கும் வரி விகிதம் வேறாக இருந்தால் ஜிஎஸ்டி கணக்கும் தப்பாகிவிடும். எனவே முதலில், திரையில் வந்த எண்ணைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

13 இலக்கத்துக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அரைகுறையாக வந்திருக்கிறது. பாக்கெட்டின் சுருக்கத்தை நீவிவிட்டு மறுபடி காட்டலாம். (எட்டு இலக்கப் பார்கோடும் சிறிய பொருள்களில் உண்டு. பாக்கெட்டில் அச்சாகியிருப்பதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.) முழுதாக வந்து 890 என்று தொடங்கினால், பொருள் புதிது, இன்னும் பதிவாகவில்லை என்று பொருள். பொறுப்பாளரைக் கூப்பிட்டுப் பதியச் சொல்ல வேண்டும். இரண்டில் தொடங்கினால் அது கம்பெனிப் பார்கோடே அல்ல; அநேகமாக நம் கடைத் தராசு ஒட்டிய ஸ்டிக்கர்.

தராசு ஸ்டிக்கரைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் புதிய மென்பொருள் வந்த முதல் வாரத்தில் காய்கறிப் பக்கம் வரும் தகராறு பெரும்பாலும் இதில்தான். ஒரு கடையின் தராசு, ஒன்றேகால் கிலோ தக்காளிக்கு இப்படி ஒரு எண்ணை அச்சடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
21 00345 01250 3
```

21 என்பது ‘இது கடைக்குள் மட்டும் செல்லும் எண்’ என்ற அடையாளம். 00345 தக்காளியின் கோடு. 01250 எடை, கிராமில். கடைசி 3, மற்ற இலக்கங்கள் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று ஸ்கேனர் சரிபார்த்துக்கொள்வதற்கான இலக்கம். எத்தனை இலக்கம் கோடு, எத்தனை இலக்கம் எடை, நடுவில் இருப்பது எடையா விலையா என்பதைத் தராசிலும் மென்பொருளிலும் ஒரே மாதிரி அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். மென்பொருள் முழு எண்ணையும் ஒரே கோடாக எடுத்துக்கொண்டு பொருளே இல்லை என்று சொல்லும். அல்லது 1250-ஐ விலையாக எடுத்துக்கொண்டு தக்காளிக்கு 12 ரூபாய் 50 பைசா போடும். இரண்டாவது வகை சத்தமில்லாமல் கடையைச் சாப்பிடும். இதை ஊழியர் சரிசெய்ய முடியாது. ‘ஸ்டிக்கரில் உள்ள எடையும் திரையில் உள்ள எடையும் ஒன்றா’ என்று பார்த்து, இல்லையென்றால் உடனே சொல்ல முடியும். அதுவரை கோடையும் எடையையும் கையால் அடித்துக்கொள்ளலாம்.

பிழைச் செய்தி எதுவும் வராமலே தப்பு நடக்கும் இடம், ஒரே பார்கோடுக்கு இரண்டு எம்ஆர்பி வரும்போது. விலை ஏறினாலும் கம்பெனி பல சமயம் பழைய பார்கோடையே வைத்துக்கொள்ளும். ஷெல்ஃபில் 40 ரூபாய் சோப்பும் 44 ரூபாய் சோப்பும் கலந்து கிடக்கும். ஸ்கேன் செய்ததும் திரையில் சின்னப் பெட்டி ஒன்று திறந்து, எந்த எம்ஆர்பி என்று கேட்கும். அவசரத்தில் என்டர் தட்டினால் மேலே இருப்பதே ஏறும். 44 ரூபாய்ப் பாக்கெட்டை 40-க்குப் போட்டால் கடைக்கு 4 ரூபாய் போச்சு. 40 ரூபாய்ப் பாக்கெட்டை 44-க்குப் போட்டால், அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் விற்ற குற்றம். எனவே தாளில் எழுத வேண்டியது: ‘பெட்டி திறந்தால் திரையைப் பார்க்காதே, கையில் உள்ள பாக்கெட்டைப் பார்.’

வரி மாறும்போது இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய எம்ஆர்பி அச்சான பாக்கெட்டுகள் அப்போதும் ஷெல்ஃபில்தான் இருந்தன. பாக்கெட் எப்போது அச்சானது என்பதல்ல கணக்கு, விற்கும் நாளில் என்ன விகிதமோ அதுதான் வரி. இந்த மாற்றத்தைப் பொருள் பட்டியலில் செய்ய வேண்டியது அலுவலகம். கவுண்டரில் இருப்பவர் வரிக் கட்டத்தைத் தொடவே கூடாது. தொட முடியாதபடி பூட்டி வைப்பது இன்னும் நல்லது.

இனி இரண்டாவது கேள்வி: பில்லுக்கு நம்பர் விழுந்துவிட்டதா? நம்பர் விழும் வரை எந்த வரியையும் நீக்கலாம், முழுப் பில்லையும் தள்ளிவிடலாம். விழுந்த பிறகு அது கணக்கில் ஏறிய பில். ஜிஎஸ்டி விதிப்படி பில் நம்பர்கள் தொடர்ச்சியாகப் போக வேண்டும், நடுவில் ஒன்றை மாயமாக்க முடியாது. பொருள் திரும்பி வந்தால் ரிட்டர்ன் போட வேண்டும். பழைய பில்லைத் திறந்து அழிக்கக் கூடாது.

இது தெரியாமல் அதிகம் தடுமாறுவது பிரின்டர் மக்கர் செய்யும்போது. 642 ரூபாய் பில், பணம் வாங்கியாயிற்று, தாள் வரவில்லை. ஊழியர் எல்லாப் பொருளையும் திரும்ப ஸ்கேன் செய்து புது பில் போடுகிறார். இப்போது கணக்கில் இரண்டு பில், கல்லாவில் ஒரு 642. செய்ய வேண்டியது, மேலே நம்பர் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரீபிரின்ட் மட்டும் கொடுப்பது. அதையும் ஒருமுறைதான். பிரின்டர் `Offline` என்று நிற்கும்போது எட்டு முறை தட்டினால், கேபிளைச் சரியாகச் செருகியதும் எட்டும் வரிசையாக வந்து விழும். தாள் வெள்ளையாகவே வந்தால் பிரின்டரைக் குறை சொல்ல வேண்டாம். வெப்பத்தால் கறுக்கும் பூச்சு இந்தத் தாளின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். நகத்தால் கீறிப் பார்த்தால் கறுக்கும் பக்கம் அது. ரோலைத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது.

யுபிஐயில் வரும் `Payment pending` இதைவிடச் சங்கடமானது, ஏனென்றால் எதிரில் ஒரு மனிதர் நிற்கிறார். “என் அக்கவுன்ட்ல காசு எடுத்துட்டாங்கம்மா, நீ வரலேங்கிற?” என்று அவர் போனை நீட்டுவார். “ஒரு நிமிஷம் இருங்கண்ணா, எங்க பக்கம் பார்த்துடறேன்” என்று சொல்லிவிட்டு, திரையில் நிலையைச் சரிபார்க்கும் பொத்தானைத் தட்ட வேண்டும். கடையின் ஆப்பில் அந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண் வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பில்லை முடிக்கக் கூடாது. அதற்காக அவரைப் பொய்யர் என்றும் நினைக்கக் கூடாது. பணம் உண்மையாகவே நடுவில் நிற்கலாம். கடைக்கு வந்து சேராத பணம் தானாகவே அவர் கணக்குக்கு ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. இதைச் சொன்னால் பெரும்பாலானோர் அமைதியாகிவிடுவார்கள். பில்லை ஹோல்டில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கலாம்.

தாளின் கடைசிப் பகுதியை ராத்திரி கல்லா எண்ணும் நேரத்துக்கு ஒதுக்க வேண்டும். குறைகிற தொகையே பல சமயம் பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பில் தொகை அப்படியே குறைந்தால், அதே தொகையில் அடுத்தடுத்து இரண்டு பில் இருக்கிறதா என்று தேட வேண்டும். ரொக்கம் குறைந்து அதே அளவு யுபிஐ கூடியிருந்தால், யாரோ பணம் செலுத்தும் வகையை மாற்றித் தட்டியிருக்கிறார்கள். பணம் எங்கும் போகவில்லை. கல்லா சரியாக இருந்து இருப்பில் மட்டும் ஒரு சரக்கு மைனஸ் காட்டினால், பெயர் மாற்றிப் போட்ட பில் அது. எந்த வகையானாலும் பில் நம்பர், நேரம், திரையில் வந்த செய்தி மூன்றையும் அந்தத் தாளின் பின்பக்கம் குறித்து வைக்கச் சொல்ல வேண்டும். மறுநாள் மென்பொருள்காரர் போனில் முதலில் கேட்பது அந்த மூன்றைத்தான்.