அந்த லிங்க்குக்கு எனக்குக் காசு வந்தது

போன மாத வெப் ஹோஸ்டிங் எபிசோடைக் கேட்ட ஒரு தங்கச்சி ஈமெயில் போட்டிருந்தா. "அண்ணா, நீங்கள் தந்த லிங்க்கின்ர கடைசியில `?ref=` எண்டு இருக்கு. நான் அதால சேர்ந்தா உங்களுக்குக் காசு வருமா? வருமெண்டா ஏன் சொல்லேல்லை?"

வரும். ஒரு ஆள் சேர்ந்தால் 15 பவுண்ட். அதோட ஒரு வருஷ ஹோஸ்டிங்கையும் எனக்கு இலவசமாகத் தந்திருந்தார்கள். இரண்டையும் நான் எபிசோடிலும் சொல்லவில்லை, கீழே குறிப்பிலும் எழுதவில்லை. அவ கேட்டது சரி. பிழை என்னுடையது.

முதலில் வேறு பதில்தான் எழுதினேன்: "எனக்குப் பிடிச்சபடியாத்தான் சொன்னேன், கம்பெனி ஒண்டும் சொல்லித் தரேல்லை." அனுப்ப முதல் எபிசோடைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். மாதம் 3 பவுண்ட் எண்டு இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் வருஷம் அது 9 பவுண்ட் ஆகும் எண்டதை ஒரு தரமும் சொல்லேல்லை. யாரும் மறைக்கச் சொல்லவில்லை. நான் பில் கட்டாதபடியால் அந்த விலையைப் பார்க்கவே இல்லை. என்னை அறியாமலே ஓசி ஹோஸ்டிங் என் விமர்சனத்தை மாற்றியிருக்கிறது.

பிரித்தானியாவில் நுகர்வோர் சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. காசு மட்டுமில்லை, இலவசமாகக் கிடைத்ததும் கமிஷனும் கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். காதால் கேட்கிற நிகழ்ச்சியில் குறிப்பில் மட்டும் எழுதினால் போதாது. கார் ஓட்டிக்கொண்டு கேட்பவர் குறிப்பை வாசிப்பாரா?

இப்போது செய்தது இதுதான். எபிசோடின் தொடக்கத்தில் 20 செக்கன் சேர்த்து, எனக்குக் கிடைத்ததையும் இரண்டாம் வருஷ விலையையும் சொல்லியிருக்கிறேன். ஆர்எஸ்எஸ் ஃபீடில் பழைய `<guid>` அப்படியே இருக்கிறது, ஆடியோ முகவரி மட்டும் புதிது. `<guid>` மாறினால் உங்கள் ஆப்பில் அது புது எபிசோடாக வந்து நிற்கும். ஆனால் ஏற்கெனவே டவுன்லோட் செய்தவர்களிடம் பழைய ஆடியோதான் இருக்கும். அதனால் அடுத்த எபிசோடின் முதல் நிமிஷத்திலும் இதையே சொல்கிறேன்.

குறிப்பில் `?ref=` இல்லாத லிங்க்கை மாற்றிவிட்டேன். என் வருஷ ஹோஸ்டிங்குக்குக் காசு கட்டிவிட்டேன். இன்னும் கைக்கு வராத 210 பவுண்ட் கமிஷனை ரத்துச் செய்யச் சொல்லி கம்பெனிக்கு எழுதியாச்சு. இனி காசோ இலவசமோ வாங்கினால், அந்தப் பொருளின் பெயரைச் சொல்ல முதல் அதைச் சொல்வேன்.

ஒண்டை மட்டும் என்னால் திருத்த முடியேல்லை. அந்த லிங்க்கால் 14 பேர் சேர்ந்திருக்கிறார்கள். டாஷ்போர்ட் எண்ணிக்கையை மட்டும்தான் காட்டும், நீங்கள் யாரெண்டு எனக்குத் தெரியாது. அந்த 14 பேரில் நீங்கள் ஒருவர் எண்டால், இண்டைக்கே அக்கவுண்டுக்குள் போய் ஆட்டோ ரினியூவலை நிறுத்துங்கோ. காசு கட்டின வருஷம் முடியும்வரைக்கும் சைட் ஓடும். அதுக்குப் பிறகு 9 பவுண்ட் பெறுமதியா எண்டதை நீங்களே முடிவெடுக்கலாம்.

கேட்ட தங்கச்சிக்கு நன்றி.